"போர் அடிக்குது, பேசலாமா?" என்றால் எந்தப் பதில் நல்லது?

ஞாயிறு சாயங்காலம், வேளச்சேரியில் தனியாக அறை எடுத்துத் தங்கியிருக்கும் தம்பி இப்படி அனுப்புகிறான் என்று வையுங்கள்.

"ஏன்டா, என்ன ஆச்சு? படம் ஏதாவது பாரேன்" என்பது ஒரு பதில். அக்கறைதான், ஆனால் அவனிடம் சொல்லக் காரணம் எதுவும் இல்லை, அதனால் "சும்மாதான்" என்பான், படம் பார் என்றதும் போய்வா என்று சொன்ன மாதிரி ஆகிவிடும்.

இன்னொன்று: "பேசலாமே! இப்பதான் மாடியில காயப்போட்ட துணியை எடுத்துட்டு வந்தேன், செம புழுக்கம். நீ மதியம் என்ன சாப்பிட்ட?" எனக்கு இதுதான் பிடிக்கும். முதல் வார்த்தையிலேயே சம்மதம் வந்துவிடுகிறது, நம் பக்கத்துச் செய்தி ஒன்று கிடைக்கிறது, கேள்வியும் யோசிக்காமல் பதில் சொல்லக்கூடியது. "மெஸ் லீவு, பன்னும் டீயும்" என்று வந்தால் அந்தப் பன்னைப் பிடித்துக்கொண்டே பேசுங்கள், அடுத்தடுத்துக் கேள்வியாகக் கேட்டால் விசாரணை ஆகிவிடும். அரை மணி நேரம்தான் முடியும் என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், பாதியில் காணாமல் போவது ரொம்ப வலிக்கும்.

ஆனால் "யாருக்கும் நான் வேண்டாம்" என்கிற மாதிரி வந்தால் சாப்பாட்டுப் பேச்சை விட்டுவிட்டு, முதல் பதிலில் இருந்த "என்ன ஆச்சு?"வை அப்போது கேளுங்கள், உடனே போனில்.