எழுத்தை வெட்டுவதா, சத்தத்தை வெட்டுவதா: டிஸ்கிரிப்டும் auto-editor-உம்

ஒரே ஆள், ஒரே மைக், கேமராவைப் பார்த்துப் பத்து நிமிடம் பேசிய வீடியோ. இதிலிருந்து "ஆ...", "ம்ம்" எல்லாவற்றையும் நீளமான மௌனங்களையும் சீக்கிரமாக எடுக்க இரண்டு வழி இருக்கிறது. டிஸ்கிரிப்ட், பிரீமியர் ப்ரோ போன்ற எடிட்டிங் மென்பொருள்கள் பேச்சைத் தாமாகவே எழுத்தாக்கித் தரும், எழுத்தில் ஒரு சொல்லை அழித்தால் வீடியோவிலும் அந்தத் துண்டு போய்விடும். auto-editor என்ற இலவசக் கருவி எழுத்துப் பக்கமே போகாது, சத்தம் குறைந்த இடங்களை வெட்டித் தள்ளும், அவ்வளவுதான்.

மௌனத்துக்கு மட்டும் என்றால் நான் auto-editor பக்கம்தான். டெர்மினலில் இந்த ஒரு வரி போதும்:

```
auto-editor lesson.mp4 --margin 0.2sec --export premiere
```

அந்த 0.2 நொடி, பேச்சுக்கு முன்னும் பின்னும் விடும் இடைவெளி. இதை ரொம்பக் குறைத்தால் தேய்ந்து முடியும் கடைசி எழுத்துகள் காணாமல் போகும். கடைசியில் உள்ள export இருப்பதால் வெட்டிய வீடியோவுக்குப் பதில் பிரீமியரில் திறக்கும் டைம்லைன் கிடைக்கிறது, தப்பாக வெட்டியதைத் திரும்ப இழுத்துக்கொள்ளலாம். ஆனால் "ம்ம்" என்பதும் சத்தம்தானே, அதை இது தொடவே தொடாது.

அங்கேதான் டிஸ்கிரிப்ட் ஜெயிக்கிறது. Remove filler words போனால் எல்லாம் ஒரே பட்டியலாக வரும். Shorten word gaps-இல் ஒரு நொடிக்கு மேலான இடைவெளியை 0.4 நொடியாக்கு என்று சொல்லலாம், அதாவது மௌனம் முழுசாகப் போகாமல் மூச்சுவிடும் அளவுக்கு மிஞ்சும், கேட்க இயல்பாக இருக்கும்.

ஆனால் இதெல்லாம் எழுத்தில் "ம்ம்" இருந்தால்தான். பேச்சை எழுத்தாக்கும் விஸ்பர் போன்ற மாடல்கள் அதைப் பெரும்பாலும் எழுதாமலே தாண்டிவிடும். வசன வரிக்கு அது வசதி, நமக்கோ அழிக்க ஒன்றுமே மிஞ்சாது. படித்தால் சுத்தமாக இருக்கும், ஓடவிட்டால் "ம்ம்" கேட்கும், அதுதான் அடையாளம். சில சமயம் அந்த "ம்ம்" இடைவெளியாகப் பதிவாகியிருக்கும், அதைச் சுருக்கும்போது பாதி வெட்டுப்பட்டு ஒரு விக்கல் மாதிரி நிற்கும். அதனால் முழுதாக இறங்கும் முன் ஒரு நிமிடத் துண்டை எழுத்தாக்கி, காதில் விழும் "ம்ம்" எல்லாம் எழுத்திலும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நீங்கள் பேசும் மொழிக்கு இந்த வழி சரிவராது, அலைவடிவத்தைப் பார்த்துக் கையால்தான் வெட்ட வேண்டும்.

எழுத்தில் இருந்தாலும் மொத்தமாக அழிப்பதில் சிக்கல் உண்டு. "ம்ம்அப்புறம்" என்று ஒட்டிப் பேசியிருந்தால் வெட்டு "அ"வின் தலையைக் கொய்துவிடும், அந்த இடத்தில் வெட்டைச் சில பிரேம் தள்ளி வையுங்கள், அல்லது அந்த "ம்ம்"மை விட்டுவிடுங்கள், ஒன்றும் குடிமுழுகாது. "அதாவது" போன்றவற்றை மட்டும் மொத்தமாக அழிக்கவே கூடாது, பாதி இடங்களில் அதற்கு வேலை இருக்கும்.

திரையில் ஏதாவது செய்து காட்டும் வீடியோ என்றால் இரண்டுமே ஆபத்து. பேசாமல் மவுஸை நகர்த்திக் காட்டும் ஐந்து நொடி இரண்டுக்கும் வெறும் மௌனம்தான்.