ஜெர்மனில் புரியவில்லை என்றால் எதைக் கேட்பது: “வீ பிட்டே”யா, “மெதுவாக”வா, பாதியைத் திருப்பிச் சொல்வதா?

பி1 தேர்வு பாஸான தைரியத்தில், ஸ்டுட்கார்ட்டில் ஒரு கிளினிக்குக்கு யார் உதவியும் இல்லாமல் நானே போன் போட்டேன். ரத்தப் பரிசோதனைக்கு நேரம் வாங்க வேண்டும், அவ்வளவுதான். வரவேற்பில் இருந்த பெண்மணி ஒரே மூச்சில், “கொம்மன் ஸீ அம் ஸீபன்-உண்ட்-ஸ்வான்ஸிக்ஸ்டன் உம் ஹால்ப் ஆஹ்ட், பிட்டே நியூஷ்டெர்ன்” என்றார். தேதியும் “ஆஹ்ட்” என்ற எட்டும்தான் காதில் விழுந்தன. “வீ பிட்டே?” என்றேன். அதே வாக்கியம், அதே வேகம், சத்தம் மட்டும் கொஞ்சம் கூட. இன்னொரு தடவை கேட்டேன், மறுபடியும் அதே. மூன்றாவது தடவை கேட்கக் கூச்சமாக இருந்ததால் “யா, யா, டாங்கே” என்று வைத்துவிட்டேன்.

27ஆம் தேதி காலையில் நான்கு இட்லி சாப்பிட்டுவிட்டு எட்டரைக்குப் போய் நின்றேன். வரச் சொன்னதோ ஏழரைக்கு, அதுவும் வெறும் வயிற்றில். ரத்தம் எடுக்கவில்லை. அதற்குப் பிறகுதான், புரியாதபோது எப்படிக் கேட்பது என்பதையே ஒரு பாடமாக எடுத்துப் பழக ஆரம்பித்தேன். மூன்று வழிகளையும் மாறி மாறிப் பயன்படுத்திப் பார்த்துவிட்டேன். என் ஓட்டு மூன்றாவதுக்குத்தான், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

“வீ பிட்டே” பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நம் “என்ன சொன்னீங்க?” மாதிரி, யாரிடமும் சொல்லலாம். “வாஸ்?” நண்பர்களிடம் போதும், “ஹே?” என்பதை வீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். இதன் குறை ஒன்றே ஒன்று: எங்கே தடுக்கியது என்று எதிராளிக்குத் தெரியாது. காது கேட்கவில்லை போல என்று நினைத்து சத்தத்தைக் கூட்டுவார். எனக்குக் காது நன்றாகத்தான் கேட்டது, வார்த்தைதான் தெரியவில்லை.

அடுத்தது, மெதுவாகப் பேசச் சொல்வது. வகுப்பில் ஒரு நீள வாக்கியம் சொல்லிக்கொடுப்பார்கள், “கொன்டன் ஸீ பிட்டே எட்வாஸ் லாங்ஸாமர் ஷ்ப்ரெஹன்?” என்று. இதைக் கண்ணாடி முன்னால் நின்று மனப்பாடம் செய்து சுத்தமாகச் சொன்னால் ஒரு வேடிக்கை நடக்கும். இவ்வளவு அழகாகக் கேட்கிறவருக்கு ஜெர்மன் நன்றாகத் தெரியும் என்று நினைத்து, எதிராளி பழைய வேகத்திலேயே தொடர்வார். “லாங்ஸாமர், பிட்டே” என்று இரண்டே வார்த்தை, கொஞ்சம் தடுமாறிச் சொன்னால் இன்னும் நன்றாக வேலை செய்கிறது. ஆனாலும் என் அனுபவத்தில் அந்த மெதுவான பேச்சு இரண்டு வாக்கியம் தாண்டுவதில்லை, மூன்றாவதில் வண்டி பழையபடி ஓடும். சிலர் சட்டென்று ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவார்கள். அவசரத்துக்கு அது நல்லதுதான், ஆனால் அன்றைய ஜெர்மன் அதோடு போச்சு.

மூன்றாவது வழியில், புரிந்த வரைக்கும் நாமே திருப்பிச் சொல்லி, விட்ட இடத்தில் ஒரு கேள்விச் சொல்லை வைத்து நிறுத்த வேண்டும். அந்த கிளினிக் போனையே இப்படிப் பேசியிருந்தால் எப்படிப் போயிருக்கும் என்று பாருங்கள்.

“அம் ஸீபன்-உண்ட்-ஸ்வான்ஸிக்ஸ்டன், உம் வீஃபீல் ஊர்?” (27ஆம் தேதி, எத்தனை மணிக்கு?)
“உம் ஹால்ப் ஆஹ்ட்.”
“ஆல்ஸோ, ஸீபன் ஊர் ட்ரைஸிக்?” (அப்படியென்றால் ஏழு முப்பதா?)
“கெனாவ்.” (ஆமாம், அதேதான்.)
“உண்ட் வாஸ் ஹைஸ்ட் நியூஷ்டெர்ன்?” (நியூஷ்டெர்ன் என்றால் என்ன?)
“நிஷ்ட்ஸ் எஸ்ஸன்.” (எதுவும் சாப்பிடக் கூடாது.)

வாக்கியம் முழுக்கத் திரும்பி வரவில்லை, எனக்கு வேண்டிய துண்டு மட்டும் வந்தது. துண்டு சின்னதாக இருப்பதால் கேட்காமலே மெதுவாகவும் வருகிறது. நான் இந்தப் பக்கம் சாய்வதற்கு இதுதான் காரணம். எந்த வழியில் கேட்டாலும் ஏதோ ஒன்று திரும்பி வரும், ஆனால் நமக்குத் தேவையானது வருகிறதா என்பதுதான் கணக்கு. பேச்சில் இப்படிக் குறுக்கிட்டுக் கேட்பதை 12 மொழிகளில் ஒப்பிட்டு 2015இல் ஓர் ஆய்வு வந்தது. சராசரியாக ஒன்றரை நிமிடத்துக்குள் ஒரு தடவை யாராவது இப்படிக் கேட்கிறார்களாம், அதுவும் தாய்மொழியில் பேசும்போதே. முடிந்தபோதெல்லாம் பொதுவாக “என்ன?” என்று கேட்காமல், விட்ட இடத்தைக் குறிப்பாகத்தான் கேட்கிறார்கள் என்றும் அதில் இருந்தது. நாமும் தமிழில் “யாரு வர்றா?”, “எந்தக் கடையில?” என்றுதானே கேட்கிறோம், வேற்று மொழியில் மட்டும் அது மறந்துபோகிறது.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். மேலே மூன்றாவது வரியில் நான் “ஹால்ப் ஆஹ்ட்?” என்று அவர் சொன்னதையே கிளிப்பிள்ளை மாதிரி சொல்லியிருந்தால், அவரும் “கெனாவ்” என்றிருப்பார், நானும் எட்டரைக்குத்தான் போயிருப்பேன். தமிழில் முடிந்த மணியோடு அரையைச் சேர்க்கிறோம்: எட்டு முடிந்து அரை, எட்டரை. ஜெர்மனில் வரப்போகும் மணியில் பாதி ஆனதைச் சொல்கிறார்கள், அதனால் “அரை எட்டு” என்றால் ஏழு முப்பது. ஸ்டுட்கார்ட் பக்கம் “கால் எட்டு” என்று வேறு சொல்வார்கள், அது ஏழே கால். ஆகவே சரிபார்க்கும்போது அவர் சொன்ன உருவத்தில் சொல்லாமல் நம் உருவத்துக்கு மாற்றிச் சொல்ல வேண்டும். 27 என்பதும் அப்படித்தான், “ஏழும் இருபதும்” என்று ஒற்றை முதலில் வரும். அவசரத்தில் 72 என்று எழுதிவிட்டு, பிறகு இலக்கம் இலக்கமாக “ஸ்வை, ஸீபன்?” என்று கேட்டுத் திருத்தியிருக்கிறேன்.

புரியாத வார்த்தையைக் கேட்கும்போது “ஹியர்” என்று ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறேன், அதாவது “இங்கே”. வேறொரு சிறப்பு மருத்துவரிடம் “ஊபர்வைசுங் இருக்கிறதா?” என்று கேட்டார்கள். எனக்குத் தெரிந்த ஊபர்வைசுங் பேங்கில் பணம் அனுப்புவது. முன்பணம் கேட்கிறார்களோ என்று பதறி, “வாஸ் ஹைஸ்ட் டாஸ் ஹியர்?” என்றேன். குடும்ப டாக்டர் எழுதித் தரும் பரிந்துரைச் சீட்டாம். அகராதியைப் பார்த்திருந்தால் பேங்க் அர்த்தத்தோடு நின்றிருப்பேன்.

இது எப்போதும் கைகொடுக்கும் என்று சொல்ல மாட்டேன். ஒரு வார்த்தைகூடப் பிடிபடவில்லை என்றால் திருப்பிச் சொல்ல என்ன இருக்கிறது, அப்போது முதலில் “வீ பிட்டே”தான், இரண்டாவது சுற்றில் ஏதாவது ஒரு துண்டைப் பிடித்துக்கொள்கிறேன். மதியச் சாப்பாட்டு மேசையில் நாலைந்து பேர் அரட்டை அடிக்கும்போது எனக்கு இது இன்னும் சரியாக வரவில்லை. நான் கேட்டு முடிப்பதற்குள் ஜோக் முடிந்துவிடுகிறது, சிரித்து வைக்கிறேன்.

போனில் ஜெர்மானியர்களே தங்களுக்குள் இந்த வேலையைச் செய்கிறார்கள் என்பதைப் போகப் போகத்தான் கவனித்தேன். “ஸ்வை” (இரண்டு), “ட்ரை” (மூன்று) என்று குழம்பாமல் இருக்க இரண்டுக்கு “ஸ்வோ” என்பார்கள். யூனியும் யூலியும் காதில் ஒன்றாக விழும் என்று ஜூலையை “யூலை” என்பவர்களும் உண்டு. பெயரைச் சொன்னால் எழுத்துக்கு ஒரு வார்த்தை கேட்பார்கள், எந்த எழுத்துக்கு எந்த வார்த்தை என்று ஒரு பட்டியலே உண்டு. 2022இல் அந்தப் பட்டியலை ஊர்ப் பெயர்களாக மாற்றி, ஏ-க்கு ஆஹன் என்று வைத்துவிட்டார்கள், ஆனால் பழக்கத்தில் இன்னும் “ஆ வீ அன்டோன்”தான், அதாவது அன்டோன் என்ற பெயரில் வரும் ஏ. என் பெயரில் நான்கு ஏ இருக்கிறது, ஒவ்வொரு போனிலும் நான்கு அன்டோன்.