லிங்க்ட்இன்னில் நான்கு ஆண்டுகள்: ஒரு காற்றாலைப் பராமரிப்புக்காரனின் அனுபவம்

வள்ளியூரை இருப்பிடமாகக் கொண்டு, ராதாபுரம், பணகுடி வட்டாரங்களில் உள்ள பழைய காற்றாலைகளுக்கு ஒப்பந்த அடிப்படையில் பராமரிப்பு வேலை செய்து வருகிறேன். 2021ஆம் ஆண்டு ஒரு நிறுவனத்தின் வேலையை விட்டுத் தனியாகத் தொழில் தொடங்கியபோது, என்னைத் தெரிந்தவர்கள் மொத்தம் இருபது பேர்தாம் இருந்தார்கள். காற்றாலை வைத்திருக்கும் பஞ்சாலைக்காரர்களும் அவர்களுடைய பொறியாளர்களும் லிங்க்ட்இன்னில் இருக்கிறார்கள் என்று நண்பர் ஒருவர் சொன்னதால் அதில் கணக்கு வைத்தேன். இந்த நான்கு ஆண்டுகளில் எந்த எழுத்து என் சுயவிவரப் பக்கத்துக்கு ஆட்களைக் கொண்டுவந்தது, எது கொண்டுவரவில்லை என்பதை ஒரு நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். கீழே வருவது அந்த நோட்டிலிருந்து எழுதியதுதான்.

முதல் ஆண்டு முழுவதும் வீண் என்றே சொல்ல வேண்டும். பயிற்சிச் சான்றிதழைக் கையில் பிடித்த படம், ஆயுத பூஜைக்கு மாலை போட்ட கருவிப்பெட்டி, காற்றாலை உச்சியில் நின்று எடுத்த சூரிய உதயம் என்று வாரம் ஒரு பதிவு போட்டேன். கல்லூரி நண்பர்களும் சொந்தக்காரர்களும் தாராளமாக லைக் போட்டார்கள். மற்றவர்களின் பதிவுகளுக்குக் கீழே நானும் "வாழ்த்துகள் சார்", "அருமையான பதிவு" என்று தினமும் எழுதினேன். தொழில் தொடர்பாக ஒருவர்கூட அழைக்கவில்லை.

காரணம் பிறகுதான் விளங்கியது. லிங்க்ட்இன் காட்டும் மூன்று எண்களை நான் ஒன்றாகக் குழப்பிக்கொண்டிருந்தேன். பதிவு எத்தனை முறை திரையில் தோன்றியது என்பது ஒன்று. என் பக்கத்தை எத்தனை பேர் திறந்து பார்த்தார்கள் என்பது இன்னொன்று. தேடலில் என் பெயர் எத்தனை முறை வந்தது என்பது மூன்றாவது. முதல் எண் ஏறிக்கொண்டே போய் இரண்டாவது அசையாமல் கிடந்தால், எழுதியதைப் பார்த்தவர்கள் எழுதியவன் யார் என்று அறிய விரும்பவில்லை என்று பொருள். சூரிய உதயப் படத்துக்கு நடந்தது அதுதான். மூன்றாவது எண்ணோ பெரும்பாலும் பக்கத்தில் உள்ள சொற்களைச் சார்ந்தது. என் பெயருக்குக் கீழே வரும் தலைப்பு வரியில் "தொழில்முனைவோர்" என்று மட்டும் போட்டிருந்தேன். கியர்பாக்ஸ் பராமரிப்புக்கு ஆள் தேடுகிறவர் அந்தச் சொல்லையா தட்டச்சு செய்வார்? அந்த வரிக்கு 220 எழுத்துகள் வரை இடம் உண்டு. "250 கிலோவாட் காற்றாலைகள், கியர்பாக்ஸ், ஆயில் கூலர் பராமரிப்பு, ராதாபுரம்" என்னும் பொருளில் அதை மாற்றினேன்.

தலைப்பு வரியை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒருவருடைய பதிவின் கீழ் நாம் கருத்து எழுதினால், நம் பெயரோடு அந்த வரியின் தொடக்கமும் சேர்ந்து தெரியும். கருத்தைப் படிக்கிறவர் அடுத்து அந்த வரியைப் பார்க்கிறார். இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தினால்தான் பெயரைத் தொட்டு உள்ளே வருகிறார். கருத்து நன்றாக இருந்து வரி வெறுமையாக இருந்தால் வந்தவர் வாசலோடு போய்விடுவார்.

எனக்குத் திருப்பமாக அமைந்தது 2022 ஆடி மாதத்தில் எழுதிய ஒரு கருத்து. தென்மேற்குப் பருவக்காற்று பலமாக வீசும் அந்த மாதங்களில்தான் எங்கள் இயந்திரங்கள் முழுச் சுமையில் ஓடும். அப்போது கியர்பாக்ஸ் எண்ணெய் சூடேறி இயந்திரம் தானாக நின்றுவிட்டால் உரிமையாளருக்கு நேரடி நட்டம். வேறு மாநிலத்தைச் சேர்ந்த ஒரு மூத்த பொறியாளர், எண்ணெய்ச் சூட்டால் இயந்திரம் நின்றால் முதலில் கூலர் விசிறியின் மோட்டாரைப் பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தார். முதலில் நான் எழுதிய மறுமொழி "எங்கள் பகுதியில் தூசிதான் காரணம், கூலரைச் சுத்தம் செய்தால் சரியாகிவிடும்" என்ற ஒற்றை வரி. அனுப்புவதற்கு முன் என்னோடு வேலை செய்யும் மூத்த டெக்னீசியன் அண்ணாச்சியிடம் காட்டினேன். "ஏலே, எந்த மிசினு, எங்க நிக்கி, எப்ப நிக்கின்னு சொல்லாம தூசி தூசின்னா யாருக்கு என்ன புரியும்?" என்று கேட்டார். உட்கார்ந்து மீண்டும் எழுதினேன்.

இரண்டாம் முறை எழுதியதன் சாரம் இது. 250 கிலோவாட் இயந்திரம், ராதாபுரம் பகுதி. காலையில் நன்றாக ஓடிவிட்டு, காற்று ஏறும் மதிய வேளையில் மட்டும் நிற்கிறது. விசிறி சுற்றுகிறது என்றால் மோட்டாரைக் கழற்றும் முன் கூலரின் இரண்டு குழாய்களையும் வெப்பமானியால் அளந்து பாருங்கள். எண்ணெய் உள்ளே போகும் குழாயும் வெளியே வரும் குழாயும் ஏறத்தாழ ஒரே சூட்டில் இருந்தால், எண்ணெய் ஓடுகிறது, ஆனால் காற்று கூலரின் தகடுகளுக்கு இடையே புகவில்லை. எங்கள் பக்கத்துச் செம்மண் தூசி எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்து இடைவெளியை அடைத்திருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் சுத்தமாகத் தெரியும், ஒரு பக்கம் டார்ச் அடித்து மறுபக்கம் பார்த்தால் வெளிச்சம் வராது. இரண்டு குழாய்களுமே சூடேறாமல் கிடந்தால் தூசி காரணம் ஆகாது, எண்ணெய் கூலருக்கே போகவில்லை, வால்வைப் பாருங்கள். வேறு வகைக் கூலர்களில் நான் இதைச் சோதித்ததில்லை.

எளிய ஆங்கிலத்தில், கருத்துக்கு உரிய 1,250 எழுத்து எல்லைக்குள், பதிவு வந்த அன்றே அதை இட்டேன். அந்த வாரம் என் பக்கத்தைத் திறந்தவர்களில் பாதிக்கு மேல் எனக்கு முன்பின் தெரியாத காற்றாலைப் பொறியாளர்கள். கட்டணமில்லாக் கணக்கில் கடைசியாக வந்த சிலருடைய பெயர்களை மட்டுமே காண முடியும். நாமே மறைமுகமாக மற்றவர் பக்கங்களைப் பார்க்கும் அமைப்பை வைத்திருந்தால் அதுவும் தெரியாது. ஆகவே தினமும் மாலையில் பார்த்துக் குறித்து வைத்தேன். பத்து நாள் கழித்து, கோயம்புத்தூரில் பஞ்சாலை வைத்திருக்கும் ஒருவருடைய பொறியாளர் அழைத்து, பணகுடி பக்கத்தில் நிற்கும் தங்கள் மூன்று இயந்திரங்களைப் பார்க்க முடியுமா என்று கேட்டார்.

அந்தக் கருத்து வேலை செய்ததற்கு என் கணிப்பில் இரண்டு காரணங்கள். ஒன்று, இடம்: என் சொந்தப் பதிவை என் கல்லூரி நண்பர்கள் பார்த்தார்கள், அந்தப் பொறியாளரின் பதிவையோ நான் சந்திக்க விரும்பிய ஆட்கள் படித்துக்கொண்டிருந்தார்கள். பழைய பதிவில் போய்க் கருத்து எழுதினால் அந்தப் பதிவை இட்டவருக்கு அறிவிப்பு போகும். மற்றவர்கள் அதற்குள் கலைந்திருப்பார்கள். இன்னொன்று, அந்தக் கருத்தை வைத்து ஒருவர் நாளைக்கே டார்ச்சை எடுத்துக்கொண்டு மேலே ஏறிச் சரிபார்த்துவிட முடியும். எந்த இயந்திரம், எந்த நேரம், எதை அளப்பது, எப்போது என் காரணம் பொருந்தாது என்பதெல்லாம் அதில் இருந்தன. கடைசி வாக்கியத்தைப் பற்றி முதலில் தயங்கினேன், தெரியாது என்று ஒப்புக்கொள்வது தொழிலுக்குக் குறை என்று. பின்னர் அழைத்த பொறியாளர் அந்த வாக்கியத்தைப் படித்துத்தான் நம்பிக்கை வந்ததாகச் சொன்னார்.

இன்னொன்றையும் அப்போதுதான் கவனித்தேன். பக்கத்துக்கு வருகிறவர் சற்றுக் கீழே இறங்கினால் நம் அண்மைச் செயல்பாடுகள் வரிசையாகத் தெரியும். பதிவுகள் மட்டுமில்லை, பிறருக்கு எழுதிய கருத்துகளும். என் பக்கத்தில் ஒரு நல்ல கருத்துக்குக் கீழே முப்பது "வாழ்த்துகள் சார்" நின்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து அவற்றை நீக்கினேன். வாழ்த்த வேண்டியவர்களுக்கு இப்போது தனிச்செய்தி அனுப்பிவிடுகிறேன்.

கருத்துகளில் ஒரே கேள்வி மூன்று முறை வந்தால் அதைப் பதிவாக எழுதுகிறேன். வாரம் ஒன்று என்ற கணக்கை விட்டுவிட்டேன். பதிவுக்கு 3,000 எழுத்துகள் இடம் உண்டு என்றாலும் முதல் சில வரிகளோடு மடித்துவிடுவார்கள், மீதியைப் படிக்கத் தொட வேண்டும். "பதினைந்து ஆண்டு அனுபவத்தில் நான் கற்ற பாடம்" என்று தொடங்கிய பதிவை யாரும் விரித்ததாகத் தெரியவில்லை. அதே செய்தியை "மதியம் மட்டும் நிற்கும் காற்றாலை: விசிறி சுற்றுகிறது, எண்ணெய் ஆறவில்லை" என்று தொடங்கியபோது அந்த நிலையில் மாட்டியிருப்பவர்கள் விரித்துப் படித்தார்கள், கேள்வியும் கேட்டார்கள்.

கட்டுரை வேறு வகை. பதிவு சில நாளில் கீழே போய்விடும். கட்டுரை தனிப் பக்கமாக நிற்பதால், கணக்கில்லாதவர்களும் கூகுளில் தேடி அதை அடைகிறார்கள். 2023இல் கூலர் சுத்தம் செய்யும் முறையை ஒரே கட்டுரையாக எழுதினேன்: காற்று வழக்கமாகப் போகும் திசைக்கு எதிர்த்திசையிலிருந்து ஊத வேண்டும், தகடுகள் வளையாதபடி அழுத்தத்தைக் குறைத்து வைக்க வேண்டும், சுத்தம் செய்த பின் குழாய்களை மீண்டும் அளந்து பழைய அளவோடு ஒப்பிட வேண்டும் என்பவை அதில் உண்டு. வெளியிட்ட வாரத்தில் மிகச் சிலரே படித்தார்கள், ஏமாற்றமாகத்தான் இருந்தது. ஆனால் ஒவ்வோர் ஆண்டும் வைகாசி பிறந்ததும் அதற்கு வாசகர்கள் வருகிறார்கள். பக்கத்தின் மேற்பகுதியில் அதை நிலையாகப் பொருத்தி வைத்திருக்கிறேன். கருத்தைப் படித்து வருகிறவர் அடுத்துத் திறப்பது அதைத்தான்.

தவறும் செய்தேன். ஒரு பதிவில் கட்டுப்பாட்டுத் திரையின் படத்தை அப்படியே சேர்த்துவிட்டேன். மூலையில் இயந்திர எண்ணும் அன்றைய மின் உற்பத்தியும் தெளிவாகத் தெரிந்தன. உரிமையாளர் இரவே அழைத்தார், கோபம் நியாயமானது. அன்றே பதிவை நீக்கினேன், ஆயினும் அந்த ஒப்பந்தம் மறு ஆண்டு புதுப்பிக்கப்படவில்லை. இப்போது திரையின் படத்தைப் போடுவதே இல்லை. அளவுகளைத் தாளில் எழுதி அந்தத் தாளைப் படம் பிடிக்கிறேன். உரிமையாளரின் அனுமதி கிடைத்த பிறகும் ஊர்ப்பெயர் வரைக்கும்தான் சொல்கிறேன்.

இதற்கு ஆகும் நேரத்தையும் சொல்ல வேண்டும். உருப்படியான ஒரு கருத்துக்கு எனக்கு அரைமணி நேரம் ஆகிறது. வாரத்துக்கு இரண்டுக்கு மேல் முடிவதில்லை. காற்று வீசும் மாதங்களில் அதுவும் கிடையாது, அந்த மாதங்களில் பக்கத்தைப் பார்ப்பவர் எண்ணிக்கை குறைந்து, ஐப்பசியில் மறுபடி எழுதத் தொடங்கினால் இரண்டு மூன்று வாரத்தில் பழைய நிலைக்கு வருகிறது. வரும் அழைப்புகளில் பெரும்பாலானவை சந்தேகம் கேட்கத்தான். வேலையாக மாறுபவை சில. போன வாரம் குஜராத்திலிருந்து ஒருவர், கியர்பாக்ஸே இல்லாத வகை இயந்திரத்துக்குக் குளிரூட்டும் அமைப்பைப் பற்றிக் கேட்டிருந்தார். அந்த வகையில் நான் வேலை செய்ததில்லை என்று எழுதி, அதில் அனுபவமுள்ள ஒருவருடைய கருத்துக்கு வழி காட்டினேன்.