ஸ்டாக் காட்சியா, சொந்தக் காட்சியா?

ராயபுரம், தண்டையார்பேட்டைப் பக்கம் முகம் காட்டாத கதை சேனலை யூடியூபில் தொடங்குபவர்களுக்கு இதுதான் குழப்பம்: பிறர் எடுத்துத் தளங்களில் வைத்திருக்கும் ஸ்டாக் காட்சியை எடுத்துப் போடுவதா, நாமே போய் எடுப்பதா? குரலும் எழுத்தும் இரண்டிலும் நம்முடையவை என்றே வைத்துக்கொள்வோம்.

செலவு
ஸ்டாக்: பெக்செல்ஸ் போன்ற தளங்களில் இலவசம்.
சொந்தம்: பஸ் காசு, ஒரு காலைப்பொழுது.

பொருத்தம்
ஸ்டாக்: 1856-இல் திறந்த ராயபுரம் ரயில் நிலையத்தைப் பற்றிப் பேசுவோம், திரையில் ஏதோ ஊர் ரயில் ஓடும். கமெண்டில் கிழித்துவிடுவார்கள்.
சொந்தம்: வெளியே நின்று அந்தத் தூண் வரிசையைப் பத்து நொடி எடுத்தாலே போதும்.

வருமானம்
இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். உரிமம் உள்ள காட்சி என்பது காப்புரிமைக்குத்தான் பதில். விளம்பர வருமானத்துக்கு யூடியூப் தனியாகப் பார்க்கிறது. 1,000 சந்தாதாரர், 12 மாதத்தில் பார்வையாளர்கள் பார்த்த நேரம் 4,000 மணி தாண்டியதும் மொத்த சேனலையும் பரிசீலிப்பார்கள்.
ஸ்டாக்: தடை இல்லை. ஆனால் ஒரே அச்சில் ஊர்ப்பெயரை மட்டும் மாற்றி, அதே கடல், அதே ட்ரோன் காட்சியை ஓட்டினால் ‘அசலற்ற உள்ளடக்கம்’ என்று நிராகரிக்கலாம். 2025 ஜூலையில் விதியின் பெயரே அப்படி மாறியது.
சொந்தம்: நிராகரித்தாலும் 21 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். எடிட் செய்யாத மூலக் காட்சிகள் அப்போது கைகொடுக்கும், அழித்துவிடாதீர்கள்.

பணம், உடல்நலம் போன்ற பொதுத் தலைப்புக்கு ஸ்டாக் சரி, அலசல் உங்களுடையதாக இருந்தால். காசிமேடு, எண்ணூர் கதைகளுக்கு போனை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். இடைவெளியை நிரப்ப மட்டும் ஸ்டாக்.