‘ஹார்ட் ஒர்க்கிங்’கிற்குப் பதிலாக எதை எழுதலாம்? பரிந்துரைக் கடிதத்துக்கான சொற்கள், ஓர் ஒப்பீடு

அமெரிக்காவில் எம்.எஸ். படிக்க விண்ணப்பிக்கும் மாணவர்களுக்கு நம் பேராசிரியர்கள் எழுதும் கடிதங்களில் ‘ஹார்ட் ஒர்க்கிங்’ தவறாமல் இடம்பிடித்துவிடுகிறது. அது பொய்யில்லை. ஆனால் திறமையைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் உழைப்பை மட்டும் பாராட்டினால், இந்தப் பிள்ளை சுமார்தான், உழைத்துச் சமாளிக்கிறது என்று சேர்க்கைக் குழு எடுத்துக்கொள்ளக்கூடும்.

ட்ரிக்ஸ், சென்கா என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்க மருத்துவக் கல்லூரி ஒன்றில் ஆசிரியர் பணிக்கு வந்த 300க்கும் மேற்பட்ட பரிந்துரைக் கடிதங்களை அலசி 2003-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். உழைப்பைப் புகழும் சொற்களை அவர்கள் ‘கிரைண்ட்ஸ்டோன்’ சொற்கள், அதாவது சாணைக்கல் சொற்கள் என்று தனியாகப் பிரித்தார்கள். பெண்களுக்கான கடிதங்களில் இவை கூடுதலாக வந்திருந்தன. நம் மாணவிகளுக்கு எழுதும்போது இதை மறக்கவே கூடாது.

சொற்களை ஒப்பிட ஒரு கற்பனை மாணவியை எடுத்துக்கொள்வோம். சிவில் இறுதியாண்டு. ஆற்று மணலுக்குப் பதில் எம்-சாண்ட் போட்ட கான்கிரீட் பற்றி ப்ராஜெக்ட். வார்த்த 28-ஆம் நாள் மூன்று கான்கிரீட் கட்டைகளை உடைத்து வலிமை பார்த்ததில் இரண்டு 31, 30 மெகாபாஸ்கல் காட்டின, மூன்றாவது 22தான். சராசரியிலிருந்து ஒரு கட்டை 15 சதவீதத்துக்கு மேல் விலகினால் அந்தத் தொகுதி செல்லாது என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456. இங்கே விலகல் சுமார் 20 சதவீதம். அவள் உடைந்த துண்டுகளைப் பார்த்தாள். ஒரு விளிம்பில் தேன்கூடு மாதிரி ஓட்டைகள். கட்டை வார்த்த அச்சின் போல்ட் தளர்ந்து சிமெண்ட் பால் கசிந்திருக்கிறது. யாரும் சொல்லாமலே ஆய்வகத்தின் எல்லா அச்சுகளையும் சோதித்து, புதிதாக வார்த்து, இன்னொரு 28 நாள் காத்திருந்தாள்.

இவளை ‘டிலிஜென்ட்’ என்று எழுதலாமா? பெரும்பாலோர் முதலில் மாற்றுவது இதற்குத்தான். ஆனால் இதுவும் அதே சாணைக்கல் பட்டியலில் இருக்கும் சொல். ‘டெடிகேட்டட்’டும் அப்படியே. இரண்டும் சட்டை மாற்றிக்கொண்ட ‘ஹார்ட் ஒர்க்கிங்’தான்; கடிதம் ஒரு அடிகூட நகராது.

‘மெட்டிகுலஸ்’ கொஞ்சம் தேவலை. இதுவும் அந்தப் பட்டியலில்தான் வருகிறது என்றாலும், எதில் கவனம் என்று சொல்ல இடம் கொடுக்கிறது. உடைந்த துண்டைப் பார்த்ததைச் சேர்த்து எழுதினால் ஆய்வகப் படிப்புக்கு உதவும். தனியாக விட்டால் ‘நோட்டுப் புத்தகம் அழகாக வைத்திருப்பாள்’ என்ற அளவுக்கு இறங்கிவிடும்.

‘பெர்சிஸ்டென்ட்’டுக்கு வந்தால் கதை வேறு. இந்தச் சொல்லைப் போட்டதும் எதை எதிர்த்து விடாப்பிடியாக நின்றாள் என்ற கேள்வி எழும். நம்மிடம் பதில் இருக்கிறது: செல்லாத தொகுதி, இன்னொரு 28 நாள். தடையே இல்லாத ப்ராஜெக்ட்டுக்கு இதை எழுதினால் வெறும் சத்தம்தான். தடை எது என்று ஒரு வரியில் சொல்ல முடியாவிட்டால், இந்தச் சொல்லை எடுத்துவிடுங்கள்.

என் தேர்வு ‘டேக்ஸ் இனிஷியேட்டிவ்’. தானாக முன்வந்து செய்பவர் என்பது. ஆய்வுப் படிப்பில் வழிகாட்டி பக்கத்திலேயே நிற்கப்போவதில்லை. சொல்லாமலே காரணம் தேடியவள், மற்றவர்களின் அச்சுகளையும் சோதித்தவள் என்றால், அது உழைப்போடு அறிவையும் காட்டுகிறது. ஆனால் வேலையைச் செய்யச் சொன்னது நீங்கள்தான் என்றால் இதை எழுதவே கூடாது. நேர்காணலில் ஒரு கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

சளைக்காதவர் என்று பொருள்படும் ‘டயர்லெஸ்’ பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். மிகைப்படுத்தல் போலப் படும், நிரூபிக்கவும் முடியாது.

அப்படியானால் கடிதத்தில் என்ன வரும்? ஆங்கிலத்தில் எழுதப்போகும் செய்தி இதுதான்: “ஒரு கட்டையின் வலிமை சராசரியிலிருந்து 20 சதவீதம் குறைந்தபோது, தானே முன்வந்து காரணத்தை உடைந்த துண்டில் கண்டுபிடித்தார். அச்சுகளைச் சரிசெய்து சோதனையை முழுவதுமாகத் திரும்பச் செய்தார். என் இறுதியாண்டு மாணவர்களில் இப்படிக் காரணம் தேடிப் போகிறவர்கள் மிகச் சிலர்.” கடைசி வரி உண்மையாக இருந்தால் மட்டும் எழுத வேண்டும். ‘ஹார்ட் ஒர்க்கிங்’ ஓரிடத்திலும் வரவில்லை, ஆனால் உழைப்பு தெரிகிறது.

சரி, இப்படிச் சம்பவமே இல்லாத மாணவருக்கு? கடிதம் எழுதும் முன் அவரை அழைத்து, ப்ராஜெக்ட்டில் எது சொதப்பியது, அப்புறம் என்ன செய்தாய் என்று கேளுங்கள். ஆய்வக நோட்டையும் கொண்டுவரச் சொல்லுங்கள். அடித்துத் திருத்திய பக்கங்களில் பெரும்பாலும் ஏதாவது கிடைக்கும். அதிலும் ஒன்றும் கிடைக்காவிட்டால், அவரை நன்றாக அறிந்த வேறு பேராசிரியரிடம் கடிதம் கேட்கச் சொல்வதுதான் அந்தப் பிள்ளைக்கு நல்லது.