ஒரு பக்க டாஷ்போர்டு செய்து தருகிறேன் என்று கடைக்கு வருபவரிடம் பணம் கொடுப்பதற்கு முன்

காசிமேட்டில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். அன்றாட விற்பனையும் சரக்கு இருப்பும் செல்போனில் ஒரே பக்கத்தில் தெரியும்படி கூகுள் ஷீட்டில் ஒரு டாஷ்போர்டு செய்து தருவதாகச் சொன்ன ஒருவரிடம் கடந்த ஜூன் மாதத் தொடக்கத்தில் ₹12,000 கொடுத்தேன். முழுத் தொகையையும் முன்பணமாகவே கொடுத்தது என் தவறுதான். இருப்பினும், அவர் செய்து கொடுத்ததில் இருந்த பிழைகள் வெளியில் தெரியாத வகையைச் சேர்ந்தவை என்பதால், அவற்றை விவரமாக எழுதுகிறேன்.

முதல் நாள் அவர் தம் லேப்டாப்பில் காட்டிய பக்கம் மிக அழகாக இருந்தது. வண்டியின் ஸ்பீடாமீட்டர் போல ஒரு முள் இன்றைய விற்பனையைக் காட்டியது. அதன் கீழே 20 சரக்குகளுக்கும் 20 நிறங்களில் ஒரு வட்டப்படம். அதையே என் போனில் திறந்தபோது வட்டப்படத்தில் எது உளுந்து, எது கடலைப்பருப்பு என்று பிரித்தறிய முடியவில்லை. இருப்புப் பட்டியலைப் பார்க்க நான்கு முறை விரலால் தள்ள வேண்டியிருந்தது. கல்லாவில் நின்றுகொண்டு பார்ப்பவனுக்கு முள் எதற்கு என்று அன்றே கேட்டிருக்க வேண்டும்.

வேலை முறை எளிதுதான். ஒவ்வோர் இரவும் 20 சரக்குகளும் எத்தனை கிலோ விற்றன என்று ஒரு தாளில் 20 வரிகள் எழுத வேண்டும். கொள்முதலை இன்னொரு தாளில் எழுத வேண்டும். ரொக்கம், யுபிஐ, கடன் ஆகிய மூன்றையும் மூன்றாவது தாளில் நாளுக்கு ஒரு வரியாக எழுத வேண்டும். தொடக்க இருப்புடன் கொள்முதலைக் கூட்டி, விற்றதைக் கழித்தால் வருவதே இப்போதைய இருப்பு. எங்களுக்குத் துவரம் பருப்பு நாளொன்றுக்குச் சராசரியாக 5 கிலோ போகும். கொத்தவால்சாவடியிலிருந்து மூட்டை வந்து சேர இரண்டு நாள், தாமதத்துக்கு இன்னும் இரண்டு நாள் என்று கணக்கிட்டு, 20 கிலோவுக்குக் கீழே போனால் சிவப்பாகும்படி வைத்திருந்தோம்.

ஜூலை 2 இரவு, பின்கட்டில் இருந்த கடைசி மூட்டை காலி. டின்னில் அரை கிலோ கூட இல்லை. "என்னா அண்ணாச்சி, பருப்பு கூடவா இல்ல?" என்று கேட்டுவிட்டுப் பக்கத்துத் தெரு அம்மா வேறு கடைக்குப் போனார். என் போனில் துவரம் பருப்பு 35 கிலோ என்று பச்சை நிறத்தில் நின்றது.

என் தங்கை மகன் பி.காம். படிக்கிறான். அவன்தான் அந்தக் கட்டத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "மாமா, இது ஐநூறாவது வரியோட நின்னுடுச்சு" என்றான். விற்ற அளவைக் கூட்டும் சூத்திரம் இப்படி இருந்தது:

```
=SUMIFS(Sales!C2:C500, Sales!B2:B500, A5)
```

விற்பனைத் தாளின் இரண்டாவது வரி முதல் ஐநூறாவது வரி வரை மட்டும் பார்த்து, A5 கட்டத்தில் உள்ள சரக்கின் கிலோக்களைக் கூட்டு என்பது இதன் பொருள். நாளுக்கு 20 வரிகள் எழுதினால் ஐநூறாவது வரி 25ஆம் நாளே வந்துவிடும். ஜூன் 1ஆம் தேதி 60 கிலோ இருந்தது, இடையில் 100 கிலோ வாங்கினேன், 25 நாட்களில் 125 கிலோ விற்றது, மீதி 35. அதுவரை கணக்கு சரி. அதற்குப் பிறகு ஏழு நாட்களில் விற்ற 35 கிலோவை அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. எழுதியதெல்லாம் தாளில் இருந்தது, பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. விற்பனைத் தொகைக்கான தாளில் நாளுக்கு ஒரே வரி என்பதால் மேலே இருந்த முள் தினமும் ஆடிக்கொண்டே இருந்தது. ஆகவே சந்தேகமும் வரவில்லை. திருத்தம் என்னவோ இவ்வளவுதான்:

```
=SUMIFS(Sales!C2:C, Sales!B2:B, A5)
```

அந்த முள் காட்டிய தொகையும் சரியில்லை என்பது அதன் பிறகே தெரிந்தது. இங்கே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அந்த 61 நாட்களும் விசைப்படகுத் தொழிலாளர் வீடுகளுக்குக் கடனில்தான் சரக்கு போகும். படகுகள் கடலுக்குப் போகத் தொடங்கிய பிறகு பாக்கி சிறுகச் சிறுக வரும். ஜூன் பின்பாதியில் ஒரு நாள் ரொக்கம் ₹9,400, யுபிஐ ₹6,100, புதுக் கடன் ₹1,500 என்று எழுதினேன். பக்கம் விற்பனை ₹17,000 என்றது. ஆனால் அந்த ரொக்கத்தில் ₹1,800 பழைய பாக்கி. அந்தச் சரக்கு மே மாதத்திலேயே கடனாக விற்றது. அன்றைய விற்பனை ₹15,200 மட்டுமே. பழைய பாக்கிக்கென்று ஒரு கட்டமே அவர் வைக்கவில்லை, நானும் கேட்கவில்லை. வியாபாரம் கூடிவிட்டது என்று நம்பி எண்ணெய் டின்கள் கூடுதலாக எடுத்துப் போட்டேன்.

இரண்டையும் சொல்லி அவரை அழைத்தபோது, "சார், அது மெயின்டனன்ஸ்ல வரும், நாலாயிரம் ஆகும்" என்றார். மறுத்தேன். மறுநாள் காலை பக்கத்தைத் திறந்தால் You need access என்று வந்தது. ஷீட்டை அவர் தம்முடைய கணக்கிலேயே உருவாக்கி, எனக்குத் திருத்தும் அனுமதியை மட்டும் கொடுத்திருந்தார். அதை ஒரு நொடியில் எடுத்துவிட்டார். ஒரு மாதத்துக்கு மேல் இரவுதோறும் எழுதிய வரிகள் போயின. பழக்கத்தால் நோட்டிலும் எழுதி வந்ததால் தப்பித்தேன்.

இப்போது மருமகன் என்னுடைய கணக்கிலேயே புதிதாக ஒன்று செய்து கொடுத்திருக்கிறான். மேலே நான்கு எண்கள்: ரொக்கம், யுபிஐ, புதுக் கடன், பழைய பாக்கி வரவு. நான்காவதைக் கழித்த பிறகே விற்பனை. அதன் கீழே இன்று ஆர்டர் போட வேண்டிய சரக்குகள் மட்டும். போதுமான இருப்பு உள்ளவை அங்கே தெரியாது. நிறம், படம் எதுவும் இல்லை. திங்கள்தோறும் ஐந்து சரக்குகளைத் தராசில் போட்டு எடை பார்த்துப் பக்கம் காட்டும் இருப்புடன் ஒப்பிடுகிறேன். சிந்தல், எலி, எடைக்கழிவு ஆகியவற்றை எந்தச் சூத்திரமும் அறியாது; சென்ற வாரம் பச்சரிசியில் ஒன்றரை கிலோ குறைந்தது.

யாரிடமாவது இப்படியொரு பக்கம் செய்யக் கொடுத்திருந்தால், கடைசித் தவணையைக் கொடுப்பதற்கு முன் விற்பனைத் தாளின் 700ஆவது வரிக்குப் போய் ஏதேனும் ஒரு சரக்கின் பெயரையும் 1 கிலோவையும் எழுதிப் பாருங்கள். இருப்பு சரியாக 1 குறைய வேண்டும். பிறகு அந்த வரியை அழித்துவிடலாம். ஷீட்டின் உரிமையாளராக யாருடைய மின்னஞ்சல் இருக்கிறது என்பதையும் Share பொத்தானை அழுத்தி அங்கேயே பார்த்துவிடுங்கள். Owner என்ற சொல் உங்கள் முகவரிக்கு எதிரே இருக்க வேண்டும்.

அந்த நபர் இன்னமும் தண்டையார்பேட்டைப் பக்கம் கடை கடையாகப் போவதாகக் கேள்விப்பட்டேன். அவர் காட்டும் மாதிரிப் பக்கத்தின் முதல் வரியில் பாஸ்மதி அரிசி 240 கிலோ என்றிருக்கும்.