கூலன்ட் குறைவு விளக்கா, சூட்டு விளக்கா: எது எரிந்தால் எவ்வளவு அவசரம்?

டாஷ்போர்டில் இந்த இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், அதனால்தான் குழப்பமே. தண்ணீர் அலைக்குள் ஒரு தெர்மாமீட்டர் நட்டுவைத்தது போல இருந்தால் அது சூட்டு விளக்கு. தொட்டி மாதிரி ஒரு கட்டமும் அதற்குள் அலைக்கோடும் இருந்தால், சிலவற்றில் பக்கத்தில் ஒரு அம்புக்குறியும் இருக்கும், அது கூலன்ட் அளவு குறைந்துவிட்டது என்று சொல்லும் விளக்கு. சூட்டுக்குப் பெரும்பாலும் சிவப்பு, அளவுக்குப் பெரும்பாலும் மஞ்சள். ஆனால் நிறத்தை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம், ஏனென்றால் சில ஐரோப்பியக் கார்களில் தெர்மாமீட்டர் படம் ஒன்றே இரண்டு வேலையையும் பார்க்கும். காரோடு வந்த கையேட்டில் அந்தப் பக்கத்தை மட்டுமாவது ஒரு தடவை புரட்டிவிடுங்கள்.

இரண்டும் வேறு வேறு இடத்தில் உட்கார்ந்து வேறு வேறு விஷயத்தைப் பார்க்கின்றன. அளவு சென்சார் இருப்பது பானெட்டுக்குள் கூலன்ட் ஊற்றும் பிளாஸ்டிக் டேங்கில். பல கார்களில் ஒரு மிதவை, அது கீழே இறங்கினால் விளக்கு எரியும், அவ்வளவுதான். இன்ஜின் எவ்வளவு சூடு என்று அதற்குத் தெரியாது. சூட்டு சென்சாரோ இன்ஜின் பக்கத்தில், சிலிண்டர் ஹெட்டிலோ தெர்மோஸ்டாட் அருகிலோ கூலன்டுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். அது தன்னைச் சுற்றி ஓடும் திரவத்தின் சூட்டை மட்டும் சொல்லும், டேங்கில் எவ்வளவு மிச்சம் என்று அதற்குத் தெரியாது.

என்னைக் கேட்டால் முன்கூட்டியே உதவுவது மஞ்சள்தான். கசிவு தொடங்கி, டேங்க் மினிமம் கோட்டுக்குக் கீழே போகும்போதே அது சொல்லிவிடும், இன்ஜின் இன்னும் நலமாக இருக்கும். சிவப்பு எரியும்போது பாதி சேதம் வாசலில் நிற்கிறது. சிக்கல் என்னவென்றால் நம்மூரில் ஓடும் சின்னக் கார்கள் பலவற்றில் அளவு சென்சாரே கிடையாது. குளிர்ந்திருக்கும்போது நீல விளக்கு, அதிகம் சூடானால் சிவப்பு விளக்கு, அவ்வளவுதான். சூடு காட்டும் முள்கூட இருக்காது. அப்படிக் கார் வைத்திருப்பவர்களுக்கு மஞ்சள் விளக்கின் வேலையைச் செய்ய வேண்டியது அவர்களுடைய கண்தான்.

முள் இருக்கிற கார்களில் ஒரு பொறி இருக்கிறது. கூலன்ட் மொத்தமாக வெளியேறிவிட்டால் சூட்டு சென்சார் திரவத்தில் இல்லாமல் காற்றிலோ நீராவியிலோ தொங்கும், அப்போது உண்மையான சூட்டை அதனால் சரியாகப் பிடிக்க முடியாது. முள் மேலே ஏறிக்கொண்டே வந்து திடீரென்று கீழே இறங்கினால் "அப்பாடா, தணிந்துவிட்டது" என்று மிதிக்காதீர்கள். அளவு விளக்கும் எரிந்து முள்ளும் இறங்கினால் அது மோசமான சேர்க்கை, உடனே ஓரங்கட்டி இன்ஜினை நிறுத்திவிட வேண்டும்.

சரி, ஓர் உதாரணம். சேலத்திலிருந்து ஏற்காடு ஏறுகிறீர்கள், முழு ஆட்கள், ஏ.சி. ஓடுகிறது. கொண்டை ஊசி வளைவுகளில் மஞ்சள் விளக்கு எரிகிறது, வளைவு முடிந்து நேரானதும் அணைகிறது. முள் நடுவில் அசையாமல் நிற்கிறது. இங்கே நடப்பது பெரும்பாலும் இதுதான்: அளவு ஏற்கெனவே மினிமத்தை ஒட்டி இருக்கிறது, வண்டி சாயும்போது திரவம் ஒரு பக்கம் ஒதுங்க, மிதவை இறங்கிவிடுகிறது. பதற்றம் வேண்டாம், முள்ளைப் பார்த்தபடி மெதுவாக மேலே போய்ச் சேரலாம், மறுநாள் காலை டேங்கைப் பார்த்துக்கொள்ளலாம். அதே ஏற்றத்தில் மஞ்சள் நிலையாக எரிந்து, முள்ளும் நடுவைத் தாண்டி நகரத் தொடங்கினால் கதை வேறு. ஏ.சி.யை அணைத்து, இடம் கிடைத்ததும் நிறுத்துங்கள். ஏற்றத்தில் வேகம் குறைவு, சுமை அதிகம், எதிர்க்காற்றும் இல்லை, எல்லாம் ரேடியேட்டர் விசிறியின் தலையில்தான் விழும்.

டேங்க் நிறைந்திருந்தும் சிவப்பு மட்டும் எரிகிறதா? அப்போது திரவம் இருக்கிறது, சூடுதான் வெளியேறவில்லை. நெரிசலில் சூடேறி நெடுஞ்சாலையில் தணிந்தால் விசிறியைச் சந்தேகப்படுங்கள். நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும்போது ஏறினால் அடைத்த ரேடியேட்டர், திறக்காத தெர்மோஸ்டாட், தேய்ந்த வாட்டர் பம்ப் என்று தேட வேண்டும். நிறுத்திய பிறகு நீராவி இல்லை, கசிவும் இல்லை, விசிறி சுற்றுகிறது என்றால் ஓரிரு நிமிடம் இன்ஜினை ஐடிலில் விட்டுப் பார்க்கலாம், சூடு இறங்கவில்லையென்றால் நிறுத்திவிடுங்கள். நீராவி வந்தால் யோசிக்கவே வேண்டாம், உடனே அணைத்துவிடுங்கள்.

இரண்டு விளக்கில் எது எரிந்தாலும் கடைசியில் டேங்கைப் பார்த்துத்தான் ஆக வேண்டும், ஆனால் இன்ஜின் ஆறிய பிறகு. பலரும் கை வெந்துவிடும் என்பதற்காக மட்டும் இதைச் சொல்கிறார்கள். அது உண்மைதான்: மூடி சுமார் 1 பார் அழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கும், அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீரே ஏறக்குறைய 120 டிகிரி வரை கொதிக்காமல் நிற்கும். மூடியைத் திறந்த நொடியில் அழுத்தம் போய்விடும், உள்ளே இருப்பது ஒரே பாய்ச்சலில் நீராவியாகி முகத்துக்கு வரும். ஆனால் இன்னொரு காரணமும் இருக்கிறது, சூட்டில் பார்க்கும் அளவே பொய். தண்ணீரும் கூலன்டும் கலந்த திரவம் 30 டிகிரியிலிருந்து 90 டிகிரிக்குப் போகும்போது சுமார் 4 சதவீதம் பெருக்கும். 5 லிட்டர் பிடிக்கும் காரில் அது 200 மில்லி, ஒரு டம்ளர். சூட்டில் மேக்ஸிமத்தை ஒட்டி நிற்பது காலையில் பார்த்தால் நல்ல தூரம் இறங்கி இருக்கும். கோடுகள் போட்டிருப்பதும் பொதுவாகக் குளிர்ந்த நிலைக்குத்தான்.

அதனால் நல்ல நேரம் காலையில், வண்டியை எடுப்பதற்கு முன்னால், சமதளத்தில். வழியில் நின்றுவிட்டால் அரை மணி நேரமாவது காத்திருங்கள், ஒரு மணி நேரம் என்றால் இன்னும் நல்லது. பானெட்டைத் திறந்ததும் விசிறிப் பக்கம் கை போகக் கூடாது, சாவியை எடுத்த பிறகும் அது தானாகச் சுற்றத் தொடங்கும் கார்கள் உண்டு. ரேடியேட்டரின் மேல் ஹோஸ் பக்கம் கையைக் கொண்டுபோய் அனல் அடிக்கிறதா பாருங்கள். அனல் இல்லாவிட்டால் துணி வைத்து அழுத்திப் பாருங்கள், கெட்டியாக இருந்தால் அழுத்தம் இன்னும் போகவில்லை. தளர்ந்த பிறகு தடித்த துணியைப் போட்டு, முகத்தைத் தள்ளி வைத்து, மூடியைக் கொஞ்சம் மட்டும் திருப்பி, சீறல் அடங்கும்வரை நின்று அப்புறம் கழற்றுங்கள்.

டேங்கிலும் இரண்டு வகை உண்டு. அழுத்த மூடி டேங்கின் மேலேயே இருந்தால் அங்கே தெரிவதுதான் அளவு. டேங்குக்கு லேசான பிளாஸ்டிக் மூடி, ரேடியேட்டருக்குத் தனியாக உலோக மூடி என்று இருந்தால் டேங்க் நிறைந்திருப்பதை வைத்து நிம்மதி அடைய முடியாது. ரேடியேட்டர் மூடியில் உள்ள சின்ன வால்வு கெட்டுப்போனால் ஆறும்போது டேங்கிலிருந்து திரவம் திரும்ப இழுபடாது. டேங்க் நிரம்பியிருக்க ரேடியேட்டர் காலியாகிக்கொண்டிருக்கும். இந்த வகைக் காரில் மாதம் ஒருமுறை, ஆறிய இன்ஜினில், ரேடியேட்டர் மூடியையும் திறந்து வாய் வரை இருக்கிறதா என்று பாருங்கள்.

ஊற்றுவது கையேட்டில் சொன்ன வகைக் கூலன்டாக இருக்கட்டும், நிறம் ஒன்றாக இருந்தால் வகையும் ஒன்று என்று அர்த்தமில்லை. அவசரத்துக்குச் சுத்தமான குடிநீர் போதும். போர்வெல் தண்ணீர் உள்ளே உப்புப் படிய விடும். சூடான இன்ஜினில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் அலுமினிய ஹெட் விரிசல் விடலாம் என்பதால் ஊற்றுவதும் ஆறிய பிறகே. மேக்ஸிமத்தைத் தாண்ட வேண்டாம், பெருக்க இடம் வேண்டும். நிரப்பிய அளவில் டேங்க் மேல் ஒரு மார்க்கர் கோடு போட்டுவிட்டு, ஒரு வாரம் கழித்துக் காலையில் பாருங்கள். கண்ணுக்குத் தெரியும்படி இறங்கியிருந்தால் மறுபடி நிரப்பி ஓட்டிக்கொண்டிருக்காமல் ஒர்க்‌ஷாப்பில் கூலிங் சிஸ்டத்துக்குப் பிரஷர் டெஸ்ட் போடச் சொல்லுங்கள். வெளியே எங்கும் ஈரம் இல்லாமல் குறைகிறது, சைலன்சரில் இனிப்பு வாசத்தோடு வெள்ளைப் புகை வருகிறது என்றால் ஹெட் கேஸ்கெட்டையும் பார்க்கச் சொல்லுங்கள்.